மூடி திறந்த நாளிலிருந்து தொடங்கும் கணக்கு

மருந்துப் பாட்டிலில் அச்சிட்டிருக்கும் காலாவதி தேதி, மூடி திறக்கப்படாத பாட்டிலுக்கு உரியது. சொன்ன வெப்பநிலையில், முத்திரை உடையாமல் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்து தரத்தோடு இருக்கும் என்பதே அதன் பொருள். மூடியைத் திறந்ததும் காற்று, ஈரம், விரல், கண்ணிமை ஆகியவற்றோடு மருந்துக்குத் தொடர்பு ஏற்பட்டுவிடுகிறது. அப்போது வேறொரு கெடு தொடங்குகிறது. அந்தக் கெடு எப்போது முடியும் என்பது எந்த நாளில் திறந்தோம் என்பதைப் பொறுத்தது. அந்த நாளைத் தொழிற்சாலையில் அச்சிட முடியாது. மருந்தைத் திறப்பவர்தான் எழுத வேண்டும்.

இந்தக் கெடு மிகக் கண்டிப்பாக இருப்பது கண் சொட்டு மருந்துக்கு. சொட்டு விட்டுப் பாட்டிலை அழுத்திய விரல் தளரும்போது, வெளியே போன மருந்தின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. பாட்டிலின் நுனி இமையிலோ கண்ணீரிலோ பட்டிருந்தால், அதிலுள்ள கிருமிகளும் கூடவே உள்ளே போகும். இவற்றை அடக்குவதற்காகவே பென்சால்கோனியம் குளோரைடு போன்ற பதனப்பொருள்கள் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. ஆனால் நாள்தோறும் புதிதாக நுழையும் கிருமிகளை அவை எல்லையில்லாமல் தாங்கும் என்று எண்ணக் கூடாது. எனவேதான் பல முறை பயன்படுத்தும் சாதாரணக் கண் மருந்துகளுக்குத் திறந்ததிலிருந்து நான்கு வாரம் என்ற வரம்பு பல நாடுகளிலும் பின்பற்றப்படுகிறது. இந்தியாவில் விற்கும் பாட்டில்களில் 'திறந்த ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தவும்' என்ற எச்சரிக்கை சின்ன எழுத்தில் இருக்கும்.

நான்கு வாரத்தைக் கணக்கிட நாள்காட்டியில் கிழமையைப் பார்த்தாலே போதும். ஜூன் 3, செவ்வாய்க்கிழமை திறந்த பாட்டிலின் 28-ஆம் நாள் ஜூன் 30. நான்காவது செவ்வாயான ஜூலை 1 அன்று அதை ஒதுக்கிவிட வேண்டும். அன்று பாட்டிலில் மருந்து மிச்சம் இருப்பது இயல்பு. ஒரு மில்லி மருந்தில் குறைந்தது 20 சொட்டு என்று வைத்தாலும், 5 மில்லி பாட்டிலில் 100 சொட்டு இருக்கும். தினமும் இரவு இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொரு சொட்டு விடுபவருக்கு 28 நாளில் 56 சொட்டுத்தான் செலவாகும். கிட்டத்தட்ட பாதி மீந்திருப்பதைப் பார்த்து, மருந்து தீரும்வரை விடலாம் என்று தோன்றும். மருந்தின் அளவும் அதன் ஆயுளும் வெவ்வேறு என்பதால்தான் தேதியைக் குறிக்க வேண்டியிருக்கிறது.

கலங்கினாலோ நிறம் மாறினாலோ துகள் மிதந்தாலோ, தேதி இருந்தாலும் அந்தப் பாட்டிலை விட்டுவிட வேண்டும். ஆனால் தெளிவாக இருப்பதாலேயே அது நல்ல மருந்து ஆகிவிடாது. ஒரு மில்லியில் லட்சக்கணக்கில் கிருமிகள் பெருகிய பிறகும் நீர் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியலாம். கண்ணில் புண்ணோ அண்மையில் அறுவைச் சிகிச்சையோ இருந்தால் இத்தகைய கிருமி கருவிழியில் தொற்றி, பார்வையையே பாதிக்கக்கூடும்.

விதிவிலக்குகளும் உண்டு. பதனப்பொருள் இல்லாத ஒருமுறைக் குப்பியைத் திறந்தவுடன் பயன்படுத்திவிட்டு, மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். காற்றை வடிகட்டும் சிறப்பு மூடி உள்ள சில பாட்டில்களுக்கு மாதக்கணக்கில் கெடு உண்டு. கண் நீர் அழுத்த நோய்க்கான லட்டானோபிராஸ்ட் சொட்டு மருந்து பெரும்பாலும் திறக்கும் வரை குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். திறந்த பின் 25 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் லேபிள் சொல்லும் வாரங்கள் வரை பயன்படும். லேபிள் வேறு சொன்னால், பொதுவிதியை விட அதுவே செல்லும்.

சிரப்பில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடையிலிருந்து நீர்மமாகவே வரும் காய்ச்சல், இருமல் மருந்துகளில் சர்க்கரையோ பதனப்பொருளோ கிருமியைத் தடுக்கிறது. மூடியை இறுக்கி, கரண்டியை உள்ளே விடாமல் பயன்படுத்தினால் லேபிள் சொல்லும் காலம் வரை, பொதுவாகச் சில மாதங்கள், அவை நிலைக்கும். பொடியாக வந்து வீட்டில் நீர் சேர்க்கும் டிரை சிரப் வேறு கதை. அமாக்சிசிலின்–கிளாவுலானிக் அமிலம் கொண்ட பொடி நீரில்லாமல் இருக்கும்வரைதான் நிலையாக இருக்கும். நீர் பட்டதும் மருந்தின் மூலக்கூறு சிதையத் தொடங்கிவிடும். இங்கே கெடுவை முடிவு செய்வது கிருமி அல்ல, வேதிச் சிதைவு. குளிர்பெட்டியில் வைத்தால் அது மெதுவாகும், நின்றுவிடாது. எனவே பல தயாரிப்புகளின் லேபிளில் குளிரில் ஏழு நாள் என்றிருக்கும்.

ஒரு குழந்தைக்கு வேளைக்கு 5 மில்லி வீதம் நாளுக்கு இரு வேளை, ஐந்து நாள் கொடுக்கும்படி மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று வைப்போம். மொத்தம் 50 மில்லி தேவை. பாட்டில் 30 மில்லி என்றால் இரண்டு வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கலக்கத் தேவையில்லை. ஜூன் 3 மாலை முதல் பாட்டிலைக் கலந்தால் அது ஆறு வேளைக்கு வரும். ஜூன் 6 காலையோடு தீரும். அன்று மாலை இரண்டாவதைக் கலக்கலாம். கடைசி வேளை ஜூன் 8 காலை முடிந்ததும் 10 மில்லி மிஞ்சும். அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று அதை எடுத்து வைத்தால், ஜூன் 13 மாலைக்குப் பிறகு அதில் எவ்வளவு வீரியம் மீந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வீரியம் குறைந்த ஆன்டிபயாடிக் நோயை அடக்காது.

களிம்புகளில் கொள்கலத்தைப் பார்க்க வேண்டும். டியூபின் வாய் சிறியது. மருந்து வெளியே வரும், வெளியிலிருப்பது உள்ளே போவது குறைவு. அகன்ற வாயுள்ள டப்பாவில் விரல் மறுபடி மறுபடி மருந்தைத் தொடுகிறது. ஆகவே டப்பாவுக்கு ஒரு மாதம், டியூபுக்கு மூன்று மாதம் என்பது பொதுவான வழிகாட்டுதல். நீர் கலந்த க்ரீமில் கிருமி எளிதாக வளரும், எண்ணெய்ப் பசையான ஆயின்மென்டில் குறைவு. எண்ணெய் பிரிந்து நின்றாலோ, வாடை மாறினாலோ பயன்படுத்தக் கூடாது. கண்ணில் இடும் களிம்பு சிறிய டியூபில் வந்தாலும் அதற்குச் சொட்டு மருந்தின் நான்கு வாரக் கணக்கே பொருந்தும். சில க்ரீம்களில் திறந்த டப்பாவின் படத்துக்குள் 6M என்றிருக்கும். திறந்த பின் ஆறு மாதம் என்பது அதன் பொருள்.

தேதி எழுத நீரில் அழியாத மார்க்கர் பேனா வேண்டும். பால்பாயின்ட் மை பளபளப்பான லேபிளில் பிடிக்காது. அட்டைப்பெட்டி தொலைந்துவிடும் என்பதால் பாட்டிலிலேயே எழுத வேண்டும். இடம் போதாவிட்டால் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டலாம். மருந்தின் பெயரையும் காலாவதி தேதியையும் அது மறைக்கக் கூடாது. டியூபின் மடித்த முனையில் காலாவதி தேதி அச்சிடப்பட்டிருப்பதால், கழுத்தருகே எழுதுவது நல்லது. 'திறந்தது 3–6, எறிவது 1–7' என்று இரண்டு நாளையும் எழுதினால், மருந்து விடும் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. டிரை சிரப்பில் நீர் கலந்த நாளையும் நேரத்தையும் எழுத வேண்டும். மூடியை முறுக்கினால் உள்ளிருக்கும் முள் நுனியைத் துளைக்கும் வகைப் பாட்டிலில், துளைத்த நாள்தான் திறந்த நாள். அச்சிட்ட காலாவதி, எழுதிய கெடு இரண்டில் எது முந்துகிறதோ அதுவே முடிவு நாள். ஏற்கெனவே திறந்திருக்கும் கண் மருந்தில் தேதி இல்லை, நினைவும் இல்லை என்றால், புதிய பாட்டிலில் தொடங்குவதே சரி.