செல் துண்டு உள்ள உடலுக்கு 3 ரெஸ்லா ஸ்கான் நல்லதா?

இடுப்பில் செல் துண்டோடு வாழும் உறவினர் ஒருவர், கால் விறைப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தது. "3 ரெஸ்லாவில எடுத்தாத்தான் வடிவாத் தெரியுமாம்" என்று கூடுதல் காசு கட்டவும் தயாராக இருந்தார். அவருக்கு 1.5 தான் பொருத்தம்.

ரெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு. 3 ரெஸ்லாவில் உடலிலிருந்து வரும் சமிக்ஞை ஏறக்குறைய இரட்டிப்பாகும். வலிப்புக்குக் காரணமான மூளையின் சிறு தழும்பைத் தேடும்போதும், மணிக்கட்டுக் குருத்தெலும்பைப் பார்க்கும்போதும் அது உண்மையில் உதவும். சாதாரண முதுகு நோவுக்கு 1.5 பெரும்பாலும் போதும்.

உலோகம் இருந்தால் கதை வேறு. அது தன்னைச் சுற்றியுள்ள புலத்தைக் குழப்பிவிடும். படத்தில் கறுப்பு ஓட்டையும் அதன் ஓரத்தில் வெள்ளைக் கீற்றும் விழும். காந்தம் வலுத்தால் இந்தக் குழப்பமும் கூடும். பார்க்கவேண்டிய நரம்பு துண்டுக்குப் பக்கத்தில் இருந்தால், 3 ரெஸ்லாவில் அந்த ஓட்டைக்குள் அது மறைந்துபோகலாம்.

உருக்குத் துண்டு காந்தத்தால் இழுபடவும் கூடும். கண்ணிலோ முள்ளந்தண்டு வடத்தருகிலோ இருந்தால் 1.5 கூட ஆபத்தாகலாம். காயம் ஆறி எத்தனை வருடமானாலும் முதலில் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே அல்லது சீ.ரி. பார்த்தபின் வைத்தியர் முடிவெடுப்பார்.