பாஸ்போர்ட் எந்தப் பையில்?

சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க, கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா முதல் தடவையாக விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருச்சி விமான நிலையத்தின் செக்-இன் கவுன்டரில் பெரிய பெட்டியை எடைபோட்டு முடித்ததும், “அந்தச் சின்ன பையையும் வைங்கம்மா” என்கிறார் ஊழியர். தராசு 9.4 கிலோ காட்டுகிறது. டிக்கெட்டில் கைப்பைக்கு அனுமதி 7 கிலோ. பின்னால் வரிசை நிற்கிறது. அம்மா பதறிப்போய் இரண்டு பைகளையும் தரையில் வைத்துத் திறக்கிறார். கையில் அகப்படுவதையெல்லாம் சின்ன பையிலிருந்து பெரிய பெட்டிக்கு மாற்றுகிறார்: ஒரு பட்டுப்புடவை, முறுக்கு டப்பா, மாத்திரைப் பை, மகளின் வீட்டு முகவரி எழுதிய நோட்டு.

முதல் பயணத்தில் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குவது இந்த ஐந்து நிமிட அவசரத்தில்தான். எடை குறைந்துவிடுகிறது, ஆனால் வழியில் தேவைப்படும் பொருட்கள் விமானத்தின் அடிவயிற்றுக்குப் போய்விடுகின்றன. பெல்ட்டில் ஏறி உள்ளே போன பெட்டியை இனி சிங்கப்பூரில்தான் பார்க்க முடியும்.

பயணிகளுக்கு இரண்டு வகைப் பைகள் என்றுதான் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். கவுன்டரில் ஒப்படைப்பது செக்-இன் பை, கூடவே கொண்டுபோவது கேபின் பை. இது பாதி உண்மைதான். கேபின் பையும் முழுப் பயணமும் கூடவே இருக்கும் என்ற உறுதி கிடையாது. விமானம் நிரம்பி, தலைக்கு மேலுள்ள அறைகளில் இடம் இல்லாமல் போனால், ஏறும் வாசலிலேயே ஊழியர்கள் அதில் ஒரு சீட்டைக் கட்டிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அப்படி நடக்காவிட்டாலும், உட்காரும் இருக்கைக்கு நாலு வரிசை பின்னால்தான் பை வைக்க இடம் கிடைக்கும். சீட்பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்து போய் எடுக்கவும் முடியாது.

ஆகவே, உடம்போடு ஒட்டிய மூன்றாவது பை ஒன்று வேண்டும். கழுத்தில் குறுக்காக மாட்டும் சிறிய ஜிப் பையே போதும். பாஸ்போர்ட், விசா அல்லது அனுமதிக் கடிதத்தின் நகல், திரும்பி வரும் டிக்கெட்டின் நகல், தங்கப்போகும் வீட்டின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள், கொஞ்சம் பணம், அன்றைக்கும் மறுநாளைக்கும் வேண்டிய மாத்திரை, மூக்குக்கண்ணாடி, போன் ஆகியவை இதில் இருக்க வேண்டும். முகவரியைத் தாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூர் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதில் தங்கும் முகவரியைக் கேட்பார்கள். குடிநுழைவு அதிகாரியும் வாய்மொழியாக அதையே கேட்கலாம். போனில் சார்ஜ் தீர்ந்திருந்தாலோ, இந்திய சிம் அங்கே வேலை செய்யாவிட்டாலோ, கையெழுத்தில் இருக்கும் நாலு வரிதான் உதவும்.

பாஸ்போர்ட்டை எத்தனை இடத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டாலே இந்தப் பையின் அவசியம் புரியும். நிலைய வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலரிடம் ஒரு தடவை, செக்-இன் கவுன்டரில் ஒரு தடவை, இமிகிரேஷனில் ஒரு தடவை, விமானம் ஏறும் வாசலில் ஒரு தடவை. இறங்கியதும் மறுபடி குடிநுழைவில். ஒவ்வொரு இடத்திலும் பெரிய பையைத் திறந்து துணிகளுக்கு அடியில் துழாவினால், ஏதோ ஓரிடத்தில் பாஸ்போர்ட் மேஜை மேலேயே தங்கிவிடும்.

மிகவும் கவனம் தேவைப்படும் இடம் பாதுகாப்புச் சோதனை. அங்கே இந்தச் சின்ன பையையும் கழற்றி ட்ரேயில் வைத்து எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அனுப்பியாக வேண்டும். மற்ற பைகளை முதலில் அனுப்பிவிட்டு இதைக் கடைசியாக வைப்பது நல்லது. தன்னைச் சோதிக்க அழைக்கும்போது ட்ரே உள்ளே போய்விட்டதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நகரலாம். சோதனை முடிந்ததும், செருப்பையும் பெல்ட்டையும் மாட்டுவதற்கு முன்பே இந்தப் பை கழுத்துக்கு வந்துவிட வேண்டும்.

எதை எங்கே வைப்பது என்பதில் இன்னும் இரண்டு பொருட்கள் தனியாகப் பேசத் தக்கவை. ஒன்று, பவர் பேங்க். இது செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது. லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால், பயணிகள் அறையில் பணியாளர்கள் கண்டு அணைக்க முடியும். சரக்கு அறையில் அதற்கு வழியில்லை. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசன் விமானத்தில் தலைக்கு மேலுள்ள அறையில் தீ பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். அந்த அறையில் வைத்திருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அதனால் பவர் பேங்க் கண்ணில் படும் இடத்தில் இருப்பதே சரி. 100 வாட்-அவர் வரை சாதாரணமாக அனுமதி உண்டு. கடையில் விற்கும் 20,000 மில்லி ஆம்பியர்-அவர் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-அவர்தான். அளவு அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அச்சு அழிந்துபோன பழையதைக் கொண்டுபோனால் பறிமுதல் ஆக வாய்ப்பு அதிகம். வாசலில் கேபின் பையை வாங்கிக் கீழே அனுப்பும்போதும் முதலில் வெளியே எடுக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, வீட்டுப் பலகாரமும் ஊறுகாயும். வெளிநாட்டு விமானங்களில் கேபின் பைக்குள் திரவமும் களிம்பும் 100 மில்லிக்கு மேற்படாத பாட்டிலில்தான் இருக்க வேண்டும். பாட்டிலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லி பாட்டிலில் பாதி எண்ணெய் இருந்தாலும் கூடாது. நெய்யும் ஊறுகாயும் மூடியை டேப் ஒட்டி, இரண்டு பாலித்தீன் பையில் சுற்றிப் பெரிய பெட்டிக்குப் போகட்டும். கொப்பரையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது என்பதால் இரண்டு பைகளிலும் அதற்கு இடமில்லை.

இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி தாமதமானால் ஊசி தவறும்; சரக்கு அறையின் குளிரில் மருந்து கெடவும் கூடும். மருத்துவரின் சீட்டைச் சேர்த்து வைத்தால் சோதனையில் பேச்சு குறையும்.

கவுன்டர் அவசரத்தைத் தவிர்க்க ஒரே வழி, முந்தின நாளே எடைபோடுவது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடைக் கருவியில் ஏறி, பிறகு தனியாக ஏறி, வித்தியாசத்தைக் கழித்தால் போதும். சக்கரம் வைத்த ட்ராலி பை காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சாதாரணத் துணிப்பை அந்த எடையை மிச்சம் பிடித்துத் தரும்.

பெரிய பெட்டியை ஒப்படைத்ததும் அதில் கட்டும் பட்டையில் மூன்று எழுத்துக் குறியீட்டைப் படிக்க வேண்டும். சிங்கப்பூர் என்றால் SIN. வேறு எழுத்து இருந்தால் பெல்ட் நகருமுன் கேட்டுவிடலாம். அதே பட்டையிலிருந்து கிழித்துத் தரும் சிறு ஸ்டிக்கரைத்தான் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தருவார்கள். பத்திரப்படுத்த வேண்டிய தாள்களில் அதுவும் ஒன்று. பெட்டி வந்து சேரவில்லை என்றால், வருகைக் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனத்தின் பேகேஜ் கவுன்டரில் அந்த எண்ணைக் காட்டிப் புகார் பதிந்து, அதன் நகலை வாங்க வேண்டும். பெட்டி உடைந்து வந்திருந்தால் எழுத்துப்பூர்வமான புகாருக்கு 7 நாள் அவகாசம். தாமதமாக வந்து சேர்ந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாள்.