கம்பெனிக்கு இரண்டு பக்கம், பல்கலைக்கழகத்துக்கு ஏழு பக்கம்

வேதியியலில் பி.எச்டி. முடித்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சோடியம் அயனி பேட்டரிக்கான கேத்தோடு பொருள் அவருடைய ஆய்வு. நான்கு பேப்பர்கள் வெளிவந்துவிட்டன, ஐந்தாவது ஒரு ஜர்னலின் பரிசீலனையில் இருக்கிறது. ஆய்வுக்கு வருமுன் ஒரு கல்லூரியில் இரண்டு ஆண்டு விரிவுரையாளராக இருந்தவர். இப்போது இரண்டு விளம்பரங்கள் அவர் கண்ணில் படுகின்றன: ஒரு பேட்டரி கம்பெனியில் செல் டெஸ்டிங் இன்ஜினியர் வேலை, ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் பணி. கையில் இருப்பது ஏழு பக்க சி.வி. அதையே இரண்டு இடத்துக்கும் அனுப்பலாமா?

கூடாது. பல்கலைக்கழகம் இதுவரை செய்தது அத்தனையையும் எண்ணிப் பார்க்கும். கம்பெனி, தன் வேலைக்கு ஆகிறவரா என்று மட்டும் பார்க்கும்.

எண்ணுவது என்று சும்மா சொல்லவில்லை. உதவிப் பேராசிரியர் பணிக்கு யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்று முடிவுசெய்ய, யு.ஜி.சி.யின் 2018 விதிமுறை ஒரு மதிப்பெண் அட்டவணையே தந்தது. பி.எச்டி.க்கு 30 மதிப்பெண். தகுதியான ஜர்னலில் வந்த பேப்பர் ஒவ்வொன்றுக்கும் 2, அதிகபட்சம் 10. கற்பித்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 2, அதுவும் 10 வரை. இவருக்குப் பேப்பரில் 8, கல்லூரி வேலையில் 4 கிடைக்கும். அடக்கத்தோடு 'தேர்ந்தெடுத்த பேப்பர்கள்' என்று இரண்டை மட்டும் போட்டால் 4 மதிப்பெண் போயே போச்சு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்த அட்டவணை இல்லை. ஆனால் அங்கும் சி.வி.யைப் படிப்பவர்கள் அதே துறைப் பேராசிரியர்கள். விட்டுப்போன ஆண்டுகள் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

அவர்கள் முதலில் புரட்டுவது பேப்பர் பட்டியலைத்தான். ஆசிரியர்கள் பெயர் ஜர்னலில் அச்சான வரிசையிலேயே இருக்க வேண்டும். தன் பெயரை முன்னால் நகர்த்தக் கூடாது, தடித்த எழுத்தில் காட்டினால் போதும். ஜர்னல், ஆண்டு, டி.ஓ.ஐ. எண் மூன்றும் வேண்டும். ஐந்தாவது பேப்பரை 'பரிசீலனையில்' என்று தனித் தலைப்பில் போடலாம். ஜர்னல் ஏற்றுக்கொள்ளாதவரை 'அச்சில்' என்று எழுதினால் அது பொய். 'தயாரிப்பில்' என்று நான்கைந்தைச் சேர்ப்பவர்களும் உண்டு. இடத்தை நிரப்பும் வேலை என்று குழுவுக்கு உடனே தெரிந்துவிடும். கருத்தரங்கில் ஒட்டிய போஸ்டரை ஜர்னல் பேப்பர்களோடு கலப்பது அதைவிட மோசம். ஒன்று சந்தேகமானால் மற்றவையும் சந்தேகமாகும்.

இனி கம்பெனிக்கு. ஏழு பக்க சி.வி.யின் முதல் பக்கத்தில் பட்டங்கள், நான்கு வரி நீளத்தில் ஆய்வேட்டுத் தலைப்பு, கைடு பெயர். செல் டெஸ்டிங் ஆள் தேடும் எச்.ஆர். அதில் 'செல்' என்ற சொல்லையே பார்க்க மாட்டார். செல் கட்டிய அனுபவமோ ஐந்தாம் பக்கத்தில் எங்கோ கிடக்கிறது. ஆகவே ரெஸ்யூமேயில் அது மேலே வர வேண்டும்: 'ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸில் 300 காயின் செல்களைக் கட்டிச் சோதித்தேன், சோதனைத் தரவை அலச பைத்தான் நிரல் எழுதி, ஒரு நாள் வேலையை ஒரு மணி நேரமாகக் குறைத்தேன்.' இந்த இரண்டு வரியும் சி.வி.யில் வராமலே போயிருக்கலாம். இங்கே இவைதான் உயிர். கல்லூரி வேலைக்கு ஒரு வரி, பேப்பர்களுக்கு 'நான்கு ஜர்னல் பேப்பர்கள்' என்று ஒரு வரி. மொத்தம் இரண்டு பக்கத்துக்குள். விளம்பரம் கேட்கும் முக்கியமான மூன்று திறமைகள் முதல் பக்கத்தின் மேல் பாதியில் தெரியவில்லை என்றால் திருத்தி எழுதுங்கள்.

பெரிய கம்பெனிகளில் மனிதருக்கு முன்பு மென்பொருள் படிக்கும். இரண்டு பத்தியாகப் பிரித்த அலங்கார வடிவங்களில் அது சில சமயம் வரிகளைக் குழப்பிக்கொள்ளும். பி.டி.எஃப்.பில் உள்ள எழுத்தை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை கலைந்திருந்தால் மென்பொருளுக்கும் கலையலாம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவு. அதற்கு இரண்டு பக்க ரெஸ்யூமேயோடு பேப்பர் பட்டியலைத் தனிக் கோப்பாக இணைப்பதே சரி. பல்கலைக்கழகத்திலேயே அலுவலக வேலை என்றால் ரெஸ்யூமே போதும். பிரிட்டனில் ஒரு கம்பெனி 'சி.வி.' கேட்டால், அது எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் இரண்டு பக்கம்தான். அங்கும் அமெரிக்காவிலும் புகைப்படம், பிறந்த தேதி, மதம், தந்தை பெயர் எதுவும் வேண்டாம். நம் ஊர் அரசுப் பணிக்கோ பிறந்த தேதியும் இட ஒதுக்கீட்டுப் பிரிவும் கேட்பார்கள். அவற்றை அவர்கள் தரும் படிவத்தில் நிரப்புங்கள்.

நீளமான சி.வி. ஒன்றை ஒவ்வொரு பேப்பர் வரும்போதும் புதுப்பித்து வைத்திருங்கள். ரெஸ்யூமேயை அதிலிருந்து ஒவ்வொரு விளம்பரத்துக்கும் புதிதாக வெட்டி எடுங்கள். விளம்பரமே பக்க அளவைச் சொல்லியிருந்தால், நான் மேலே சொன்னதை விட்டுவிட்டு அதன்படி செய்யுங்கள்.