குடிபெயர்வுச் சீட்டில் பிறப்பும் உருவக் குறிப்பும்: அடி அண்ணாமலையை முன்வைத்து ஒரு வாசிப்பு

முன்னுரை

ஒப்பந்தக் கூலிமுறையின் கீழ்க் கடல் கடந்த தமிழர்களுள் பலரைப் பற்றி இன்று கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று, கப்பலேறுமுன் அவர்களுக்கு வழங்கப்பட்ட குடிபெயர்வுச் சீட்டேயாகும். 1879 முதல் 1916 வரை பீஜித் தீவுகளுக்குச் சென்ற இந்தியர் 60,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ 15,000 பேர் 1903க்குப் பின் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள். ஒவ்வொரு சீட்டிலும் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, நெருங்கிய உறவினர், ஜில்லா, தாலுக்கா, ஊர், உடலடையாளம், உயரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. முன்னோரின் ஊரைத் தேடும் வழித்தோன்றல்களும் புலம்பெயர்வு வரலாற்றை எழுதும் ஆய்வாளர்களும் இக்கட்டங்களையே நம்புகின்றனர். ஆயினும் பிறந்த நாளுக்கோ பிறந்த ஊருக்கோ சீட்டில் தனிக்கட்டம் இல்லை. இல்லாத அவ்விரண்டையும் இருப்பவற்றிலிருந்து எவ்வளவு தூரம் பெறலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விளக்கத்தின் பொருட்டு, சீட்டின் படிவத்தைப் பின்பற்றி மாதிரிப் பதிவு ஒன்று இங்கு அமைத்துக்கொள்ளப்படுகிறது. அது எந்தத் தனிமனிதருடைய சீட்டும் அன்று. பதிவாண்டு 1908, பெயர் அண்ணாமலை, வயது 30, ஜில்லா தென்னார்க்காடு, தாலுக்கா திருவண்ணாமலை, ஊர் அடி அண்ணாமலை, உயரம் 5 அடி 3 அங்குலம், அடையாளம் இடது முழந்தாளில் தழும்பு.

ஊர்ப்பெயரை வாசித்தல்

அடி அண்ணாமலை, மலைவலப் பாதையில் மலையின் மேற்குப் பக்கம் அமைந்த சிற்றூர். ஆதி அருணாசலேசுவரர் கோயிலும் மாணிக்கவாசகர் கோயிலும் அவ்வூரிலுள்ளன. ஊரின் பெயர் 'அடி' என்றும் 'ஆதி' என்றும் இருவகையாக வழங்குகிறது. சீட்டை நிரப்பிய எழுத்தர் தாம் கேட்ட ஒலியை உரோமன் எழுத்தில் பதிந்தார். Adi என்ற எழுத்துக்கூட்டில் குறில் நெடில் வேறுபாடும் டகர தகர வேறுபாடும் மறைந்துவிடுகின்றன. ஆகவே, இத்தகைய பதிவைக் கொண்டு அன்றைய மக்கள் வழக்கில் 'அடி' என்பதே இருந்தது என நிறுவ இயலாது. Athi எனப் பதிவாகியிருப்பின் நிலைமை வேறு. தகரத்தை th என எழுதுவது சென்னை மாகாண வழக்கமாதலின், அது 'ஆதி' என்னும் வடிவத்துக்குச் சான்றாகும். ஒரே ஊர்ப்பெயரின் இரண்டு எழுத்துக்கூட்டுகளுள் ஒன்று சான்றாகவும் மற்றொன்று சான்றாகாமலும் போவதை இங்குக் காணலாம்.

எண்மச் சுட்டியில் ஊர்ப்பெயரைத் தேடும்போது வேறொரு மயக்கம் எழுகிறது. Anamalai என்ற சொல் அண்ணாமலையையும் குறிக்கலாம்; கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆனைமலையையும் குறிக்கலாம். ஒற்றின் இரட்டிப்பை எழுத்தர் விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். திருவண்ணாமலையோ ஆங்கிலேயர் ஆவணங்களில் Trinomalee முதலிய வடிவங்களிலும் காணப்படுகிறது. 'அண்ணாமலை' ஆட்பெயராகவும் வழங்குவதால் ஊர்க்கட்டம், பெயர்க்கட்டம் என்ற வேறுபாடின்றித் தேடினால் தொடர்பற்ற பதிவுகள் பல வந்து சேரும். எனவே ஊர்க்கட்டத்தை எப்போதும் தாலுக்கா, ஜில்லாக் கட்டங்களோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

ஜில்லாக் கட்டம் தரும் சோதனை

ஜில்லாக் கட்டத்தை வாசிப்பதற்கு ஆட்சி எல்லைகளின் வரலாறு தேவை. திருவண்ணாமலைத் தாலுக்கா 1911 வரை தென்னார்க்காட்டு ஜில்லாவில் இருந்தது. அவ்வாண்டில் வட ஆர்க்காட்டுடன் இணைக்கப்பட்டது. சென்னையிலிருந்து பீஜிக்குக் கப்பல்கள் சென்ற காலம் இம்மாற்றத்தின் இருபுறமும் அமைகிறது. ஒரே ஊரிலிருந்து 1908இல் ஒருவரும் 1913இல் அவருடைய தம்பியும் சென்றிருப்பின், அவர்களுடைய சீட்டுகளில் வெவ்வேறு ஜில்லாக்கள் இருப்பதே முறை. அதனை அறியாதவர் இருவரையும் வெவ்வேறு குடும்பத்தினர் என ஒதுக்கிவிடக்கூடும்.

மாதிரிப் பதிவில் 1908ஆம் ஆண்டும் தென்னார்க்காடும் பொருந்தி நிற்கின்றன. அதே ஆண்டில் வட ஆர்க்காடு என்றிருந்தால் எழுத்தர் பிழை செய்தார் என உடனே முடிவுசெய்தல் கூடாது. வடக்கே அடுத்திருந்த போளூர்த் தாலுக்கா அப்போதே வட ஆர்க்காட்டைச் சார்ந்திருந்தது. அங்கே ஒத்த பெயருடைய ஊர் உண்டா எனப் பார்த்த பின்னரே பிழை என்று கொள்ளலாம்.

ஜில்லாவும் தாலுக்காவும் பொருந்தினாலும் நிறுவப்படுவது ஒருவருடைய சொந்த ஊர் என்ற அளவே. அவர் அங்கேயே பிறந்தார் என்பது வேறு செய்தி. தாய்வழி ஊரில் தலைப்பிள்ளைப் பேறு நிகழும் வழக்கமுள்ள சமூகத்தில் இவ்வேறுபாட்டைப் புறக்கணிக்க இயலாது. உறவினர் கட்டத்தில் அதே ஊரில் வாழும் தந்தையோ உடன்பிறந்தாரோ குறிக்கப்பட்டிருப்பின், குடும்பம் அங்கு வாழ்ந்தது என்பது வலுப்பெறும்.

வயதிலிருந்து பிறந்த ஆண்டு

1908இல் வயது 30 எனின் பிறந்த ஆண்டு 1877 அல்லது 1878 எனக் கணக்கிடத் தோன்றும். அவ்வாண்டுகள் சென்னை மாகாணத்தின் பெரும்பஞ்ச காலத்தில் (1876–78) அமைகின்றன. 'பஞ்சத்தில் பிறந்தவர்' என்று வாழ்க்கை வரலாறு எழுத இது போதுமானதாகத் தோன்றினும் போதாது. பிறந்த நாள் எழுதிவைக்கப்படாத சூழலில் வயது என்பது மதிப்பீடே. 20, 25, 30 போன்ற எண்களில் வயதுகள் குவிவது அக்காலப் பதிவுகளின் பொது இயல்பு. ஆள் சேர்ப்போருக்கும் உழைக்கும் பருவத்தினரே தேவைப்பட்டமையால் முதியவரின் வயது குறையவும் சிறுவரின் வயது கூடவும் காரணம் இருந்தது. இருபுறமும் நான்கு ஆண்டுகளை விட்டு 26 முதல் 34 வரை எனக் கொண்டால் பிறப்பு 1873க்கும் 1882க்கும் இடைப்பட்டதாகும். அவ்விடைவெளி பஞ்சத்தின் முன்னும் பின்னும் நீள்வதால் பஞ்சத்தோடு பிறப்பைத் தொடர்புபடுத்தும் கூற்று வலுவிழக்கிறது.

தோட்டப் பதிவேட்டிலோ இறப்புப் பதிவிலோ அதே பிறந்த ஆண்டு கிடைத்தால் உறுதியாகிவிட்டது எனக் கருதுவதும் பொருந்தாது. பிற்பதிவு சீட்டின் வயதோடு கழிந்த ஆண்டுகளைக் கூட்டி எழுதப்பட்டதாயின் அது முதற்சான்றின் நகல், தனிச்சான்று ஆகாது. இரு பதிவுகளும் சற்றே முரண்படுவதுதான் பிற்பதிவு தனியாகக் கேட்டு எழுதப்பட்டது என்பதற்கு அறிகுறியாகலாம்.

உருவக் குறிப்பின் எல்லை

உயரமும் தழும்பும் பதியப்பட்டது ஒருவருடைய தோற்றத்தை விவரிப்பதற்காக அன்று. கிடங்கில் பதிவானவரும் கப்பலேறுபவரும் ஒருவரே என உறுதிசெய்வதே அதன் நோக்கம். அதனால் ஆடையின்றித் தெரியும் நெற்றி, கன்னம், கை, முழந்தாள் ஆகிய இடங்களின் குறிகளே மிகுதியாக எழுதப்பட்டன. ஓர் அடையாளம் போதும் என்ற நிலையில் பிற குறிகள் விடுபட்டன. ஆகவே அம்மைத் தழும்போ பச்சைக்குத்தோ சீட்டில் இல்லை என்பது உடலில் இல்லை என்பதாகாது.

எனினும் இக்கட்டம் பயனற்றதன்று. அண்ணாமலை என்ற பெயரும் ஒத்த வயதும் ஒரே தாலுக்காவும் கொண்ட இருவர் சுட்டியில் எதிர்ப்பட்டால், அவர்களைப் பிரித்தறிய உதவுவது தந்தை பெயரும் இத்தழும்புமே. முழு வளர்ச்சி பெற்றவரின் 5 அடி 3 அங்குலம், அதாவது 160 சென்டிமீட்டர், பிற்பதிவில் ஓரங்குலம் வேறுபடின் அளவைப் பிழை எனலாம். நான்கங்குலம் வேறுபடின் வேறொருவர் என ஐயுறல் வேண்டும். பதினைந்து வயதினருக்கு இவ்விதி பொருந்தாது.

முடிவுரை

மாதிரிப் பதிவிலிருந்து உறுதியாகச் சொல்லத்தக்கது இதுவே: 1908இல் ஏறத்தாழ முப்பது வயதினராக மதிக்கப்பட்ட ஒருவர், அடி அண்ணாமலையைத் தம் ஊராகக் கூறினார் அல்லது அவ்வாறு கூறியதாக எழுத்தர் கொண்டார். பிறந்த ஆண்டை இடைவெளியாகவும், பிறந்த ஊரை 'சொந்த ஊர்' என்றும் குறித்து, எழுத்துக்கூட்டை மூலத்தில் உள்ளவாறே உடன் தருவது பதிப்பு முறையாக அமைதல் வேண்டும். திருத்திய வடிவம் மட்டும் அச்சேறினால், பின்வரும் ஆய்வாளர் அதனைச் சரிபார்க்கும் வழி அடைபட்டுவிடும். வழித்தோன்றல்களும் தமக்குரியதல்லாத ஊரின் வாயிலில் சென்று நிற்க நேரும்.