விளம்பரம் குதிக்கும் நேரம்

இலவசச் சொல் விளையாட்டு ஒன்று. ஆடுபவர் 'அடுத்த கட்டம்' பொத்தானைத் தொடுகிறார். புதிர் வரவேண்டிய இடத்தில் முழுத்திரை விளம்பரம் குதிக்கிறது. விரல் தவறி அதன்மேலேயே படுகிறது. கூகுள் பிளே 2022 செப்டம்பர் 30 முதல் இதைத் தடுத்திருக்கிறது. ஆட்டம் முடிந்து மதிப்பெண் திரை வந்தபின் காட்டலாம்.

விதி தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. காட்டவேண்டிய நொடியில்தான் விளம்பரத்தை இறக்கத் தொடங்குவார்கள்; அது வந்து சேர்வதற்குள் ஆடுபவர் அடுத்த புதிருக்குள் போயிருப்பார். ஆட்டம் நடக்கும்போதே இறக்கி வையுங்கள். மதிப்பெண் திரை வரும்போது தயாராக இல்லையா, அந்த முறை விட்டுவிடுங்கள். சில காசுகள் போகட்டும். விளம்பரம் பார்த்தால் ஒரு துப்பு கிடைக்கும் என்று சொல்லி, விரும்பியவர் மட்டும் தொடும்படி வைத்தால் இந்தத் தடை அதற்குப் பொருந்தாது.