மார்பு முடி: மழிப்பதா, குறைப்பதா?

கோயிலில் சட்டையைக் கழற்றும்போதோ, கல்யாண மேடையில் வேட்டி மட்டும் கட்டி உட்காரும்போதோ, நீச்சல் குளத்தில் இறங்கும்போதோதான் பல ஆண்களுக்கு மார்பு முடியின் நினைப்பு வருகிறது. உடனே கைக்கு எட்டும் பொருள், தினமும் முகத்துக்குப் பயன்படும் ரேசர். குளியலறையில் பத்தே நிமிடத்தில் மார்பு வழவழப்பாகிவிடும். மூன்றாம் நாள் அரிப்பும், ஒரு வாரத்தில் சிவந்த பொரிபொரியான பருக்களும் வரும்போதுதான் முகத்தோலும் மார்புத்தோலும் ஒன்றல்ல என்பது புரிகிறது.

மார்பிலும் முதுகிலும் முடி வளர்வது ஆண் ஹார்மோன்களின் வேலை. பருவ வயதில் மீசையும் தாடியும் வந்த பிறகு மார்பில் வளர ஆரம்பிக்கும். தோளிலும் முதுகிலும் வளர்வது பலருக்கு முப்பது வயதைத் தாண்டிய பிறகு. அதனால், ‘இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன்?’ என்று முதுகைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. எவ்வளவு அடர்த்தியாக வளரும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரைதான் தீர்மானிக்கிறது. உடம்பு முடிக்கு வளரும் காலம் குறைவு. ஓரளவு நீண்டதும் தானாக நின்று, உதிர்ந்து, அதே துளையில் புதிதாக முளைக்கும்.

‘ஒரு தடவை சவரம் செய்தால் அடுத்த தடவை இன்னும் தடிமனாக வளரும்’ என்று பயந்து தொடாமல் இருப்பவர்களும் உண்டு. இது உண்மையில்லை. அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928ஆம் ஆண்டிலேயே இதைச் சோதித்து, சவரத்தால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதினார். முடியின் இயல்பான நுனி மெலிந்து கூர்மையாக இருக்கும். பிளேடு அதைக் குறுக்கே வெட்டுவதால் தட்டையான முனை வெளியே வருகிறது. அது கையில் குத்துகிறது, கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் வேருக்கு எதுவும் நடக்கவில்லை.

மார்புத்தோலின் சிக்கல்

சவரத்தில் உண்மையான சிக்கல் வேறு. ரேசர், குறிப்பாக இரண்டு மூன்று பிளேடு கொண்டது, முடியை இழுத்துத் தோல் மட்டத்துக்கும் சற்றுக் கீழே வெட்டிவிடும். மார்பு முடி பொதுவாகச் சுருண்டது. வெட்டிய முனை மேலே வருவதற்குள் வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும். உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்க, அங்கே பரு வரும். முகம் நாள் முழுக்கக் காற்றோட்டமாக இருக்கிறது. மார்பும் முதுகும் பனியனுக்கும் சட்டைக்கும் அடியில் வியர்வையிலும் உரசலிலும் கிடக்கின்றன. நம் ஊர் வெயிலில் ஒரு சிறு பரு எளிதில் சீழ் வைத்துவிடும்.

மாநிறமும் கறுப்பும் கொண்ட நம் தோலில் அந்தப் பரு ஆறிய பிறகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். இதைவிடப் பெரிய விஷயம் கீலாய்டு. காயம் ஆறும்போது தழும்பு அந்த அளவோடு நிற்காமல், புடைத்து, கெட்டியாகி, காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்வதற்குத்தான் இந்தப் பெயர். நெஞ்சின் நடுப்பகுதி, தோள், மேல் முதுகு ஆகியவைதான் கீலாய்டு அதிகம் வரும் இடங்கள். அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்தாலும், கூடவே வேறு சிகிச்சை தராவிட்டால் பெரும்பாலும் திரும்ப வளரும். சிலருக்கு ஒரு பரு ஆறினாலே இது தொடங்கிவிடும். காது குத்திய இடத்திலோ, தடுப்பூசி போட்ட இடத்திலோ, பழைய பருவிலோ உங்களுக்குத் தழும்பு புடைத்து வளர்ந்திருந்தால், மார்பிலும் முதுகிலும் ரேசரும் வேக்சிங்கும் வேண்டாம்.

இந்தக் காரணங்களால்தான் பெரும்பாலான ஆண்களுக்கு முடியை முழுதாக எடுப்பதைவிடக் குட்டையாக வெட்டிக்கொள்வதே நல்லது. தோலைத் தொடாமல் வெட்டினால் முடி உள்ளே திரும்பாது. வெட்டுக்காயத்துக்கும் வாய்ப்பு குறைவு. பார்க்கவும் இயல்பாக இருக்கும்.

டிரிம்மரைப் பிடிக்கும் விதம்

தேவையானது, சீப்பு மாட்டக்கூடிய ஒரு டிரிம்மர். சலூனில் ‘ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்’ என்று சொல்வது இந்தச் சீப்பின் அளவைத்தான். 1 என்றால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் 10. முதல் முறை 3இல் தொடங்குங்கள். போதவில்லை என்றால் 2க்கு இறங்கலாம். முதலிலேயே குட்டையாக வெட்டிவிட்டால் திருத்த வழியில்லை.

குளிப்பதற்கு முன்பு, முடி உலர்ந்திருக்கும்போது வெட்ட வேண்டும். ஈர முடி தோலோடு ஒட்டிக்கொள்வதால் ஓரிடத்தில் நீளம், ஓரிடத்தில் குட்டை என்று ஆகிவிடும். கண்ணாடி முன் நின்று முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். மார்பில் அது இடத்துக்கு இடம் திசை மாறும். முதலில் சாய்ந்த திசையிலேயே ஒரு முறை ஓட்டி, பிறகு எதிர்த்திசையில் அழுத்தாமல் மெதுவாக ஓட்டினால் ஒரே சீராக வரும். முலைக்காம்பின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு சுற்றிலும் வெட்டுங்கள். மச்சம், மரு, பழைய பரு இருக்கும் இடங்களில் சீப்பைக் கழற்றவே கூடாது.

நேர்த்தி என்பது ஓரங்களில் இருக்கிறது. மார்பை மட்டும் ஒட்ட வெட்டிவிட்டு வயிற்றை அப்படியே விட்டால் நடுவில் கோடு போட்டது போலத் தெரியும். மார்புக்கு 2 வைத்தால், தோளை நோக்கியும் வயிற்றை நோக்கியும் போகும் ஓரங்களில் 3 வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். சட்டைக் காலருக்கு மேலே எட்டிப் பார்க்கும் கழுத்தடி முடியை மட்டும் 1இல் வெட்டலாம்.

முதுகைத் தனியாகச் சமாளிக்க முயல வேண்டாம். கை எட்டாத இடத்தில்தான் வெட்டும் கோணமும் அழுத்தமும் தவறுகின்றன. வீட்டில் மனைவியோ தம்பியோ ஐந்து நிமிடம் உதவினால் போதும். சலூனில் செய்துகொண்டால், சீப்பு மாட்டிய மிஷினால் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். பிளேடு வேண்டும் என்றால் கண் முன்னே புதிய பிளேடை மாற்றச் சொல்லுங்கள். ஒருவர் ரத்தம் பட்ட பிளேடு மூலம் ஹெபடைட்டிஸ் பி மற்றவருக்குப் பரவும். வீட்டு டிரிம்மரையும் யாரோடும் பகிராமல், ஒவ்வொரு முறையும் தூரிகையால் முடியைத் தட்டிவிட்டு, கத்தியில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விடுங்கள். மழுங்கிய கத்தி முடியை வெட்டாமல் இழுக்கும்.

ஒரு மாப்பிள்ளையின் கணக்கு

30 வயது, மார்பு நிறைய முடி, நான்கு வாரத்தில் முகூர்த்தம், மேடையில் சட்டை கிடையாது என்று வைத்துக்கொள்வோம். நண்பர்கள் முந்தின நாள் வேக்சிங் செய்யச் சொல்கிறார்கள். முதல் முறை வேக்சிங் செய்யும் தோல் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. வேரோடு பிடுங்கியதால் சிவந்து, மறுநாள் சந்தனம் பூசும் நேரத்தில் பொரிந்திருக்கவும் கூடும்.

அவர் மூன்று வாரத்துக்கு முன்பே 3ஆம் நம்பரில் ஒரு முறை வெட்டிப் பார்க்கலாம். முடி மூன்று நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். இடைப்பட்ட நாட்களில் அரிப்போ பருவோ வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எதுவும் இல்லை என்றால் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு 2ஆம் நம்பரில் வெட்டி, ஓரங்களைச் சரிசெய்து, குளித்துவிட வேண்டும். 6 மில்லிமீட்டர் முடி அன்று மேடையில் கச்சிதமாக இருக்கும். இரண்டு வாரத்தில் அது 10 மில்லிமீட்டரைத் தாண்டும்போது அடுத்த முறை வெட்டலாம். அதன்பின் மாதம் இரு முறை என்ற பழக்கமே போதும்.

முழுதாக எடுத்தே ஆக வேண்டும் என்றால்

ரேசர்தான் என்றால், முதலில் டிரிம்மரால் ஒட்ட வெட்டிவிட்டு, வெந்நீரில் குளித்த பின், ஷேவிங் ஜெல் தடவி, புதிய பிளேடால் முடி சாய்ந்த திசையில் மட்டும் மழிக்க வேண்டும். ஓட்டிய இடத்திலேயே திரும்பத் திரும்ப ஓட்டக் கூடாது. ஆல்கஹால் கலந்த லோஷன் வேண்டாம், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போதும். ஒரு நாள் ஜிம்முக்கு விடுமுறை விட்டு, தளர்வான பருத்திச் சட்டை அணியுங்கள்.

முடி நீக்கும் க்ரீம் முடியின் புரதப் பிணைப்பைக் கரைக்கிறது. தோலும் புரதம்தான் என்பதால், டப்பாவில் போட்ட நிமிடத்துக்கு மேல் வைத்தால் புண்ணாகும். ஒரு நாள் முன்பே சிறு இடத்தில் தடவிப் பாருங்கள். வேக்சிங்குக்கு முடி சுமார் 5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிடுபவர்களும், நிறுத்தி ஆறு மாதம் ஆகாதவர்களும் வேக்சிங் செய்தால் தோல் உரிந்து வந்துவிடும் ஆபத்து உண்டு.

லேசர் முடியிலுள்ள கறுப்பு நிறமியைச் சுட்டு வேரை அழிக்கிறது. நரைத்த முடியில் அது வேலை செய்யாது. கறுத்த தோலிலும் அதே நிறமி இருப்பதால் 1064 நானோமீட்டர் என்டி-யாக் வகையே பாதுகாப்பானது. சில வாரங்கள் இடைவெளி விட்டு ஆறு முறைக்கு மேலும் போக வேண்டிவரும். முடி குறையும், ஆனால் ஹார்மோன் தொடர்ந்து வேலை செய்வதால் அவ்வப்போது திரும்பவும் செல்ல நேரிடும். அரிதாகத் தோள், முதுகுப் பகுதியில் முடி கூடுவதும் உண்டு. எனவே அழகு நிலையத்துக்குப் போகாமல் தோல் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

வெட்டிய பிறகு பரு வந்தால் எல்லாம் ரேசர் பருவல்ல. ஒரே அளவில், மிகவும் அரிக்கும் சிறு பருக்கள் மார்பிலும் மேல் முதுகிலும் கூட்டமாக வந்து, வியர்க்கும்போது கூடினால், அது பூஞ்சையாக இருக்கலாம். பரு க்ரீம்களும் ஆன்டிபயாடிக்கும் அதைக் குறைக்காது, பூஞ்சைக்கான மருந்துதான் வேண்டும். பரு வலித்துச் சீழ் கட்டினாலோ, சுற்றிச் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஆறிய தழும்பு கெட்டியாக வளரத் தொடங்கினாலோ நகத்தால் கிள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள். கீலாய்டுக்கு ஆரம்பத்திலேயே ஊசி போட்டால் வளர்ச்சியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்த முடியும்.