வளைந்து செல்லும் ஒளி

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பது அறிவியல் பாடத்தின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் உண்மை. ஆனால், வீட்டுக்கு இணையச் சேவை கொண்டுவரும் ஒளியிழை சுவர் ஓரமாகவும் கூரை மேலாகவும் பலமுறை வளைந்தே வருகிறது. அதனுள் செல்லும் ஒளியும் அந்த வளைவுகளைக் கடந்து மறுமுனையை அடைகிறது. நேராகச் செல்லும் ஒளி எவ்வாறு வளைந்த பாதையில் பயணம் செய்கிறது?

இதற்கான விடையை 1840களின் தொடக்கத்தில் டேனியல் கொலாடன் என்ற அறிவியலாளர் ஜெனீவா நகரில் கண்ணுக்குத் தெரியும்படி காட்டினார். நீர் நிரம்பிய தொட்டியின் ஒரு பக்கத்தில் இருந்த துளை வழியாக நீர் பாய்ந்து, வளைந்து கீழே விழுந்தது. தொட்டியின் எதிர்ப்பக்கத்திலிருந்து அத்துளையை நோக்கி அவர் ஒளியைச் செலுத்தினார். ஒளி நேராகக் காற்றுக்குள் பாய்ந்துவிடாமல், நீர்த்தாரையுடன் சேர்ந்து வளைந்து சென்றது. உண்மையில் ஒளிக்கதிர் வளையவில்லை. அது நீர்த்தாரையின் உட்புறத்தில் பட்டுப் பட்டுத் திரும்பி, சிறு சிறு நேர்கோடுகளாக முன்னேறியது.

நீரிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளிக்கதிர், எல்லைப்பரப்பில் விலகிச் சாய்கிறது. எல்லைப்பரப்புக்கு வரையப்படும் செங்குத்துக்கோட்டுடன் கதிர் அமைக்கும் கோணம் படுகோணம் எனப்படும். படுகோணம் பெரிதாகப் பெரிதாக, வெளியேறும் கதிர் நீர்ப்பரப்பை நோக்கி மேலும் சாயும். நீரில் இக்கோணம் ஏறத்தாழ 49 பாகையை எட்டும்போது, வெளியேறும் கதிர் நீர்ப்பரப்பை ஒட்டியே செல்கிறது. இதுவே மாறுநிலைக் கோணம். படுகோணம் இதையும் தாண்டினால் ஒளி வெளியேறுவதில்லை. முழுவதும் நீருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. இந்நிகழ்வை முழு அக எதிரொளிப்பு என்கிறோம்.

இது நிகழ இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒளிவிலகல் எண் மிகுந்த பொருளிலிருந்து குறைந்த பொருளை நோக்கி ஒளி செல்ல வேண்டும். படுகோணமும் மாறுநிலைக் கோணத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

இவ்விரண்டு நிபந்தனைகளையும் நிறைவுசெய்ய, காற்றில் வைக்கப்பட்ட ஒரு கண்ணாடி இழையே போதுமானதாகத் தோன்றலாம். ஆயினும், வெறும் இழையின் மேல் தூசியோ எண்ணெயோ விரலோ பட்டால் அந்த இடத்தில் ஒளி கசிந்துவிடும். 1954-ஆம் ஆண்டில் நெதர்லாந்து அறிவியலாளர் ஏபிரகாம் வான் ஹீல் இதற்கு ஒரு தீர்வை வெளியிட்டார். இழையின் மீது ஒளிவிலகல் எண் குறைந்த வேறொரு பொருளை உறையாக அமைக்க வேண்டும் என்பதே அது. அப்போது ஒளியைத் திருப்பும் எல்லைப்பரப்பு உறைக்கு உள்ளே பாதுகாப்பாக இருக்கும். வெளியில் அழுக்குப் படிந்தாலும் ஒளிக்குப் பாதிப்பில்லை.

இன்று வீடுகளுக்கு வரும் ஒளியிழையின் நடுவில் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி உள்ளகம் இருக்கிறது. அதைச் சுற்றிலும் கண்ணாடி உறை உள்ளது. உறையையும் சேர்த்தால் விட்டம் 125 மைக்ரோமீட்டர். உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் 1.468 என்றும், உறையின் ஒளிவிலகல் எண் 1.463 என்றும் கொள்வோம். மாறுநிலைக் கோணத்தை இவ்வாறு கணக்கிடலாம்:

sin C = 1.463 ÷ 1.468 = 0.9966

இதன்படி C ஏறத்தாழ 85 பாகை. அதாவது, இழையின் நீளவாக்கிலிருந்து 5 பாகைக்கும் குறைவாகச் சாய்ந்து செல்லும் கதிர்கள் மட்டுமே உள்ளே தங்கும். அதைவிட மிகுதியாகச் சாய்ந்தவை உறைக்குள் நுழைந்து மறைந்துவிடும். இவ்வளவு மெல்லிய உள்ளகத்தில் ஒளி ஓர் அலையாகவே பரவுவதால், கதிர்களைக் கொண்டு தரும் இவ்விளக்கம் ஓர் எளிய படமே. எனினும், ஒளி எப்போது தங்கும், எப்போது கசியும் என்பதைப் புரிந்துகொள்ள அது போதுமானது.

செய்தி அனுப்பும் முனையில், மின்சமிக்ஞைக்கு ஏற்ப ஒரு சிறிய லேசர் விரைவாகக் கூடியும் குறைந்தும் ஒளிர்கிறது. ஒளி மிகுந்தால் 1, குறைந்தால் 0 என்று கொள்ளப்படுகிறது. மறுமுனையில் உள்ள ஒளி உணரி அத்துடிப்புகளை மீண்டும் மின்சமிக்ஞையாக மாற்றுகிறது. வந்துசேரும் ஒளி மிகவும் மங்கிவிட்டால், உணரியால் 1-ஐயும் 0-ஐயும் பிரித்தறிய முடியாது. இணைப்பு தடுமாறும், பிறகு துண்டிக்கப்படும்.

அவ்வாறு ஒளி மங்குவதற்கு ஒரு பொதுவான காரணம் கூர்மையான வளைவு. அலமாரிக்குப் பின்னால் இழை நசுங்கி மடிந்திருக்கலாம். கட்டும் பட்டை அதை இறுக்கியிருக்கலாம். வளைவு கூர்மையாகும்போது, உள்ளகத்தின் வெளிப்பக்கச் சுவரில் ஒளி படும் கோணம் 85 பாகைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டாவது நிபந்தனை அங்கே உடைந்துபோகிறது. அதனால், இழை அறுபடாமலே ஒளி வெளியேறுகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் இழையில் எந்தக் குறையும் தெரியாது. அப்படியானால், மின்னியல் பயிலும் மாணவர் ஒருவர் இப்பழுதை எப்படிக் கண்டறிவார்? அவர் சோதனை ஒளிமூலத்தை ஒரு முனையிலும், ஒளித்திறன் அளவியை மறுமுனையிலும் இணைக்கிறார். முதலில் 1310 நானோமீட்டர் அலைநீளத்திலும், அடுத்து 1550 நானோமீட்டர் அலைநீளத்திலும் அளக்கிறார். பழுது ஏற்படுவதற்கு முன் பதிவான அளவுகளுடன் அவற்றை ஒப்பிடுகிறார். 1310-இல் இழப்பு 1 டெசிபெல் மட்டுமே கூடியிருக்கிறது. அதாவது, முன்பு வந்த ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காடு இப்போதும் வருகிறது. 1550-இலோ இழப்பு 10 டெசிபெல் கூடியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு ஒளியே எஞ்சியுள்ளது.

இந்த வேறுபாடே பழுதைக் காட்டிக்கொடுக்கிறது. அலைநீளம் மிகுந்த ஒளி, உள்ளகத்தைத் தாண்டி உறைக்குள் சற்று அதிகமாகப் பரவியே செல்லும். உள்ளகம் அதை உறுதியாகப் பிடித்துவைப்பதில்லை. ஆகவே, வளைவில் முதலில் கசிவது அதுதான். மாறாக, இணைப்பியின் முனையில் அழுக்குப் படிந்திருந்தால் இரண்டு அலைநீளங்களிலும் இழப்பு ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். அப்போது வளைவைத் தேடி அலைவதைவிட முனையைத் துடைப்பதே சரியான வழியாகும்.

இங்கே அளவுகள் வளைவையே சுட்டுகின்றன. மாணவர் இழையின் வழியைப் பின்தொடர்ந்து, மடிந்த இடத்தைக் கண்டு, அதைத் தளர்த்துகிறார். வழக்கமான இழைகளுக்கு, வளைவின் ஆரம் 3 சென்டிமீட்டருக்குக் குறையாதிருப்பது நல்லது. வளைவைத் தாங்கும்படி உருவாக்கப்பட்ட இழைகள் இதைவிடச் சிறிய ஆரத்தையும் ஏற்கும். கண்ணாடியில் விரிசல் ஏற்படவில்லையெனில், வளைவு தளர்ந்ததும் ஒளி பழைய அளவுக்குத் திரும்பிவிடும். புதிய இழை தேவைப்படாது.

இவ்வேலையில் ஒரு விதியை மறக்கக்கூடாது. இழையின் முனையைக் கண்ணருகே வைத்து, ஒளி வருகிறதா என்று பார்க்கவே கூடாது. 1310, 1550 நானோமீட்டர் ஒளிகள் அகச்சிவப்பு வகையைச் சேர்ந்தவை. அவை கண்ணுக்குத் தெரியாது. எனவே, முனை இருண்டிருப்பதால் ஒளி இல்லை என்று முடிவுசெய்ய முடியாது. கண்ணுக்குத் தீங்கு நேராமல் அதை அறிவதற்காகவே அளவி இருக்கிறது.